வியூவபிள் ரேட் 40%: வரம்பு வைப்பதா, தளங்களை வெட்டுவதா, டீலுக்குப் போவதா?

டிஸ்ப்ளே கேம்பெய்ன் ஒரு மாதம் ஓடிவிட்டது. ரிப்போர்ட்டில் வியூவபிள் ரேட், அதாவது உண்மையில் திரையில் தெரிந்த விளம்பரங்களின் பங்கு, 40 சதவீதம். கிளையன்ட் 70 கேட்கிறார். ஏன் 70 என்றால் அவருக்கும் தெரியாது. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் இணைய விளம்பரத் துறை அமைப்பான ஐஏபி, 2015-ஐ ஒரு மாறுதல் ஆண்டாகக் கருதி, அளக்க முடிந்த இம்ப்ரெஷன்களில் 70 சதவீதத்தைக் குறைந்தபட்ச வரம்பாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. ஓராண்டுக்காகச் சொன்ன எண் ஒப்பந்தங்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

சரி, 40-ஐ ஏற்ற வேண்டும். கைவசம் உள்ள வழிகள் நான்கு: ஏலத்துக்கு முன்பே வியூவபிலிட்டி வரம்பு வைப்பது, மோசமான தளங்களைப் பட்டியலிட்டு வெட்டுவது, வியூவபிள் இம்ப்ரெஷனை இலக்காக வைத்துத் தானியங்கி பிட்டிங்கிடம் விடுவது, பதிப்பாளரோடு நேரடி டீல் போடுவது. நான்குமே ரேட்டை ஏற்றும். ஆனால் ஒவ்வொன்றும் ஏற்றுவது வேறொன்றை விலையாகக் கொடுத்துத்தான். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுத்தால் ரிப்போர்ட் அழகாகும், கேம்பெய்ன் அப்படியே இருக்கும்.

முதலில் அளவுகோல். அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் வைத்த வரையறைப்படி, விளம்பரத்தின் பிக்சல்களில் பாதியாவது தொடர்ந்து ஒரு விநாடி திரையில் இருந்தால் அது வியூவபிள். வீடியோவுக்கு இரண்டு விநாடி. 242,500 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள பெரிய டிஸ்ப்ளே விளம்பரங்களுக்கு 30 சதவீதம் தெரிந்தாலே போதும். 970x250 பேனரைப் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 242,500. ஆகவே 728x90-ஐ எடுத்துவிட்டு 970x250 போட்டால் ரேட் ஏறும். அதில் ஒரு பங்கு அளவுகோல் தளர்ந்ததால் வருவது. இதைத் தந்திரமாகச் செய்பவர்களும் உண்டு, தெரியாமலேயே செய்துவிட்டு மகிழ்பவர்களும் உண்டு.

அடுத்தது பின்னத்தின் கீழ்ப்பகுதி. வியூவபிள் ரேட் என்பது வியூவபிள் இம்ப்ரெஷனை, அளக்க முடிந்த இம்ப்ரெஷனால் வகுத்தது. மொத்த இம்ப்ரெஷனால் அல்ல. அளவிடும் ஸ்கிரிப்ட் ஓட முடியாத இடங்கள் கணக்கிலேயே வராது. பழைய ஆப்களில், வியூவபிலிட்டியை அளக்க உதவும் ஓப்பன் மெஷர்மென்ட் எஸ்டிகே இல்லாவிட்டால் இப்படி நடக்கும். கையால் எக்செலில் கணக்குப் போடும் டீம்களில் மொத்தத்தால் வகுத்துவிட்டு ‘ரேட் குறைவு’ என்று பதறுவது அடிக்கடி நடக்கிறது. அளக்க முடிந்த பங்கு 90 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் மற்றதைப் பேசுவேன். அது 60-இல் நின்றால் உங்கள் பிரச்சினை வேறு.

ஒரு மாதக் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் கேம்பெய்னை வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் அமைத்தவை. தமிழ் வாசகர்கள் இலக்கு, ஓப்பன் ஏலம், மாதம் சுமார் ஆறு லட்சம் ரூபாய், 1.25 கோடி இம்ப்ரெஷன், ஆயிரம் இம்ப்ரெஷனுக்கான விலையான சிபிஎம் சராசரி ₹48. அளக்க முடிந்தவை 112.5 லட்சம். வியூவபிள் 45 லட்சம். அதாவது 40 சதவீதம். ஆயிரம் வியூவபிளுக்கு ஆன செலவு ₹133.

தளவாரி ரிப்போர்ட்டை இறக்கிப் பிரித்தால் மூன்று கூட்டம் தெரிகிறது. பெயர் தெரிந்த செய்தித் தளங்கள் ஒன்று: ₹75 சிபிஎம்மில் 44 லட்சம் இம்ப்ரெஷன், ரேட் 60. விளையாட்டு, டார்ச் லைட், கால்குலேட்டர் வகை ஆப்கள் இன்னொன்று: ₹48-இல் 35 லட்சம், ரேட் 48. மூன்றாவது, ஆயிரக்கணக்கில் நீளும் சில்லறைத் தளங்களின் வால்: ₹22-இல் 46 லட்சம், ரேட் வெறும் 15.5.

இங்கே நின்று பார்க்க வேண்டும். ஆயிரம் வியூவபிளுக்கு என்ன செலவு என்று கூட்டவாரியாகப் போட்டால் செய்தித் தளங்களில் ₹137.50, ஆப்களில் ₹117, வாலில் ₹153. ₹22 என்று மலிவாகத் தெரிந்த சரக்குதான் மூன்றிலும் விலை அதிகம். சிபிஎம் பத்தியை மட்டும் பார்க்கிறவர் வாலைப் பொக்கிஷம் என்று நினைத்துப் பணத்தை அங்கே தள்ளியிருப்பார்.

வாலை வெட்டினால்

வாலில் செலவான சுமார் ஒரு லட்சம் ரூபாயைச் செய்தித் தளங்களுக்கு மாற்றுகிறோம். அதே தளங்களில் கூடுதலாக வாங்கப் போனால் விலை சற்று ஏறும். ₹85 என்று வைப்போம். சுமார் 12 லட்சம் இம்ப்ரெஷன் கிடைக்கும். அதில் வியூவபிள் 6.5 லட்சம். வெட்டிய வால் கொடுத்துக்கொண்டிருந்தது 6.6 லட்சம்.

மொத்த ரேட் 40-இலிருந்து சுமார் 56-க்குத் தாவிவிட்டது. கண்ணில் பட்ட விளம்பரத்தின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. உண்மையில் சிறிது குறைந்திருக்கிறது!

அப்படியானால் ஏன் வெட்ட வேண்டும்? வியூவபிலிட்டிக்காக அல்ல, பிராண்ட் சேஃப்டிக்காகவும் போலி டிராஃபிக்குக்காகவும். வாலில் என்ன பக்கம் இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. வீட்டுக்கடன் விளம்பரம் திருட்டுப்பட டவுன்லோடு பக்கத்தில் வந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட் கிளையன்ட்டின் மேலாளருக்குப் போகும் வரை நமக்குத் தெரியாது. வெட்டுவதற்கான காரணம் இது என்று கிளையன்ட்டிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ‘ரேட்டை 16 புள்ளி ஏற்றினோம்’ என்று மார்தட்டிவிட்டால் அடுத்த மாதம் லீட் ஏன் கூடவில்லை என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

வெட்டும் முறையிலும் ஒரு விஷயம். விலக்குப் பட்டியல் போட்டுக் கெட்டதை ஒவ்வொன்றாக நீக்கினால் வால் மறுவாரமே புதுத் தளங்களோடு முளைக்கும். 300 நல்ல தளங்களை எழுதி, அதற்குள் மட்டும் வாங்கும் அனுமதிப் பட்டியலே நிலைக்கும். ஒரு தளத்தைச் சேர்க்குமுன் அதன் ads.txt கோப்பில் நாம் வாங்கும் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தளத்தின் பெயரைப் போலியாகப் போட்டு விற்கும் வேலையைத் தடுக்கவே அந்தக் கோப்பு 2017-இல் வந்தது.

70 என்று வரம்பு வைத்தால்

அதிகம் பேர் முதலில் கைவைப்பது இங்கேதான், காரணம் ஒரு கிளிக்கில் முடியும். டிஸ்ப்ளே அண்ட் வீடியோ 360 போன்ற, விளம்பர இடங்களை ஏலத்தில் வாங்கப் பயன்படும் டிஎஸ்பிக்களில் கணிக்கப்பட்ட வியூவபிலிட்டி இத்தனை சதவீதத்துக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும் பிட் செய் என்று தேர்ந்தெடுக்கலாம். டபுள்வெரிஃபை, இன்டெக்ரல் ஆட் சயின்ஸ் ஆகியவையும் இதே போன்ற ப்ரீ-பிட் பிரிவுகளை விற்கின்றன. அவற்றுக்கு சிபிஎம்மோடு தனிக் கட்டணம் சேரும்.

வரம்பு ஏறினால் ஏலத்தில் நமக்கு எஞ்சும் சரக்கு குறையும். மற்ற ஏஜென்சிகளும் அதே சரக்கைத்தான் துரத்துகிறார்கள். விலை ஏறும். எவ்வளவு வரை ஏறலாம் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: பழைய சிபிஎம்மைப் புது ரேட்டால் பெருக்கிப் பழைய ரேட்டால் வகுங்கள். நம் கேம்பெய்னில் 70 வரம்பு வைத்து உண்மையில் 66 வந்தது என்று கொள்வோம் (கணிப்பும் நிஜமும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்). 48 × 66 ÷ 40 = ₹79. சிபிஎம் அதற்குள் இருந்தால் லாபம். ₹88 ஆகிவிட்டால் ஆறு லட்சத்துக்கு 68 லட்சம் இம்ப்ரெஷன், அதில் வியூவபிள் 40.5 லட்சம். முன்பு 45 லட்சம் இருந்தது. ரேட் 66, பார்த்தவர்கள் குறைவு, செலவு ஆயிரத்துக்கு ₹148.

இதைவிட மோசமான பக்கவிளைவு ஒன்று உண்டு. வியூவபிலிட்டி மிக அதிகமாக இருக்கும் இடங்கள் எவை? திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு நகராத பேனர்கள், ஒரு படத்துக்கு ஒரு பக்கம் என்று நீளும் ஸ்லைடுஷோக்கள், சில விநாடிக்கொருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விளம்பரக் கட்டங்கள். விளம்பரத்துக்காகவே கட்டப்பட்ட தளங்கள் இந்த அளவுகோலில் நூற்றுக்கு நூறு வாங்கப் பிறந்தவை. அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏஎன்ஏ 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த இம்ப்ரெஷன்களில் 21 சதவீதமும் செலவில் 15 சதவீதமும் இப்படிப்பட்ட தளங்களுக்குப் போயிருந்தது. கெட்ட உள்ளடக்கம் இல்லாததால் பிராண்ட் சேஃப்டி வடிகட்டியும் இவற்றைப் பிடிக்காது. சமையல் குறிப்பு, ராசிபலன், ‘இந்த நடிகை இப்போது எப்படி இருக்கிறார்’; எல்லாமே சுத்தம். அதாவது உயர்ந்த வரம்பு நம்மை மோசமான இடத்திலிருந்து விலக்குவதற்குப் பதிலாக அங்கேயே தள்ளிவிடக்கூடும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ரேட் 85-க்கு மேல் உள்ள தளங்களை வரிசைப்படுத்தி முதல் இருபதைக் கைபேசியில் திறந்து, ஒரு திரையில் எத்தனை விளம்பரம் என்று எண்ணுங்கள். ஒரு நிமிடம் தொடாமல் வைத்துவிட்டுப் பேனர் மாறுகிறதா என்று பாருங்கள். வாசகர் தேடி வருகிறாரா, காசு கொடுத்துக் கூட்டிவரப்படுகிறாரா என்பதும் அந்தப் பக்கத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

எனவே வரம்பு வேண்டாம் என்கிறேனா? 50 வையுங்கள், அனுமதிப் பட்டியலுக்கு உள்ளே வையுங்கள். அந்தச் சேர்க்கையில் அது பக்கத்தின் அடியில் கிடக்கும் கட்டங்களை மட்டும் கழித்துவிடும். பட்டியல் இல்லாமல் தனியாக 70 வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தானியங்கியிடம் விட்டால்

வியூவபிள் இம்ப்ரெஷனைக் கூட்டு என்று அல்காரிதத்திடம் சொன்னால் அது சொன்னபடியே செய்யும். நம் கணக்கில் வியூவபிள் மலிவாகக் கிடைப்பது ஆப்களில், ஆயிரத்துக்கு ₹117. முழுப் பணமும் அங்கே போனால் 51 லட்சம் வியூவபிள் வரும். எண்ணிக்கையில் நான்கு வழிகளிலும் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால் அந்த 51 லட்சத்தில் பெரும்பங்கு, விளையாட்டின் அடியில் 320x50 அளவில் ஒட்டியிருக்கும் பட்டை. கட்டைவிரல் தவறிப் பட்டால் கிளிக். கிளிக் விகிதம் ஏறும், இறங்கு பக்கத்தில் மூன்று விநாடி தாண்டி நிற்பவர் குறைவார். வீட்டுக்கடன் மாதிரி யோசித்து வாங்கும் பொருளுக்கு இந்தப் பார்வை எவ்வளவு பெறும் என்பதை லீட் படிவத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். புதிய ஆப் இன்ஸ்டால் கேம்பெய்ன் என்றால் என் பதில் வேறாக இருக்கும். இந்த வழியைத் தேர்ந்தால் ஆப்களைத் தனி லைன் ஐட்டமாகப் பிரித்து மொத்தப் பணத்தில் கால்பங்குக்கு மேல் போகாதபடி கட்டுங்கள். ஒரே லைன் ஐட்டத்தில் இணையத்தையும் ஆப்பையும் கலந்துவிட்டு அல்காரிதத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

பதிப்பாளரோடு டீல்

பிரைவேட் மார்க்கெட்பிளேஸ் டீலில் சிபிஎம் ₹120, ரேட் 75, அளக்க முடிந்தது 95 சதவீதம் என்றால் ஆயிரம் வியூவபிளுக்கு ₹168. நான்கிலும் விலை அதிகம், ரேட்டும் அதிகம். பணத்துக்கு எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்பது எழுத்தில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்காவிட்டால் டீல் ஐடி என்பது அதே ஓப்பன் ஏலச் சரக்குக்கு ஒட்டிய விலைச்சீட்டுதான்.

பதிப்பாளரிடம் ‘உங்கள் தளத்தின் வியூவபிலிட்டி எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். கட்டவாரியாகக் கேளுங்கள். பக்கத்தின் உச்சியில் இருக்கும் பேனர்தான் சிறந்தது என்று பலரும் நம்புகிறார்கள். 2014-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது: முதல் திரையின் அடிவிளிம்புக்குச் சற்று மேலே உள்ள இடமே அதிகம் பார்வைக்கு வந்தது, உச்சி அல்ல. காரணம் எளிது. பக்கம் திறந்ததும் வாசகர் செய்தியைத் தேடிக் கீழே தள்ளுகிறார், உச்சிப் பேனர் ஒரு விநாடி நிறைவதற்குள் மேலே போய்விடுகிறது. நெட் மெதுவான கைபேசியில் கனமான ஹெச்டிஎம்எல்5 கிரியேட்டிவ் இறங்குவதற்குள் கதை முடிந்தே விடும். ஒரே கட்டத்தில் இரண்டு கிரியேட்டிவ் ஓடி, ஒன்றின் ரேட் மட்டும் தாழ்ந்தால் குற்றம் தளத்தில் இல்லை, உங்கள் டிசைனரின் கோப்பில் இருக்கிறது. 150 கேபிக்குள் சுருக்கச் சொல்லுங்கள். நான்கு வழிகளுக்கும் முன்னால் செய்ய வேண்டிய, செலவே இல்லாத வேலை அது.

கீழே உள்ள கட்டங்களுக்கு லேஸி லோடிங் இருக்கிறதா, தானியங்கிப் புதுப்பிப்பு இருந்தால் எத்தனை விநாடிக்கு என்பதையும் டீல் மின்னஞ்சலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

சேஃப்டி அமைப்பே ரேட்டைக் கெடுக்கும்போது

இவ்வளவும் பேசிவிட்டு, தமிழில் வாங்குபவர்கள் பலர் கவனிக்காத ஒரு காரணத்துக்கு வருகிறேன். சில சமயம் ரேட் குறைவதற்குக் காரணமே பிராண்ட் சேஃப்டி அமைப்புதான்.

சேஃப்டி கருவி பக்கத்தைப் படித்து வகைப்படுத்துகிறது. வகைப்படுத்த முடியாத பக்கத்தை என்ன செய்வது என்பது நாம் தேர்ந்தெடுப்பது. பயந்து, டிஎஸ்பியில் `Not yet labeled` உள்ளடக்கத்தை விலக்கு என்று டிக் அடித்துவிடுகிறோம். சற்றுமுன் வெளியான செய்திக் கட்டுரை எதற்கும் முத்திரை விழ நேரம் ஆகும். ஆங்கிலத்தை நன்றாகப் படிக்கும் கருவி தமிழையும் அதே அளவு படிக்கும் என்ற உறுதியும் இல்லை. விளைவு, 60 சதவீத ரேட் தரும் செய்தித் தளங்களில் பாதி ஏலங்களுக்கு நாம் போவதே இல்லை. பட்ஜெட் செலவாகியாக வேண்டும். அது ஆப்களுக்கும் வாலுக்கும் வழிகிறது.

சொல் பட்டியல் இன்னும் சேதம். ‘குண்டு’ என்று தடைபோட்டால் குண்டுமல்லி விலை ஏறிய செய்தியும் போகும். ‘விபத்து’ என்று துல்லியப் பொருத்தம் போட்டால் ‘விபத்தில் மூவர் பலி’ என்ற தலைப்பு தப்பிவிடும், ஏனெனில் அங்கே அந்த வடிவமே இல்லை. தடுக்க வேண்டியதை விட்டு, வேண்டாததைத் தடுக்கும் பட்டியல் அது. 2020-இல் கொரோனா என்ற சொல்லைத் தடைசெய்து உலகெங்கும் செய்தித் தளங்களின் விளம்பரம் சரிந்தது இதே வழியில்தான்.

சேஃப்டி ரிப்போர்ட்டில் ‘99 சதவீதம் பாதுகாப்பு’ என்று வரும். 1.25 கோடியில் மீதி ஒரு சதவீதம் என்பது 1.25 லட்சம் இம்ப்ரெஷன் என்பது ஒருபுறம். அந்த 99 எதன் மீது எடுத்தது என்பதே பெரிய கேள்வி. வகைப்படுத்திய பக்கங்களின் மீது மட்டும் என்றால், தமிழ்ப் பக்கங்களில் எத்தனை சதவீதம் வகைப்படுத்தப்பட்டன என்று விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஏலம் முடிந்தபின் தடுக்கும் போஸ்ட்-பிட் பிளாக்கிங்கில் விளம்பரத்துக்குப் பதில் வெற்றுப் பட்டை போகிறது; இடத்துக்கான காசு போனது போனதுதான். அனுமதிப் பட்டியலுக்குள் வாங்குபவர்கள் அதை அணைத்துவிட்டு, கண்காணிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எது?

மேலே சொன்ன வீட்டுக்கடன் கேம்பெய்னுக்கு நான் தேர்ந்தெடுப்பது இது. முதல் வாரம் விலையைத் தொடவே மாட்டேன். வகைப்படுத்தாத பக்கத் தடையை அனுமதிப் பட்டியல் தளங்களுக்கு மட்டும் நீக்கி, கிரியேட்டிவைச் சுருக்கி, செய்தித் தளங்களின் பங்கு தானாக ஏறுகிறதா என்று பார்ப்பேன். இரண்டாம் வாரம் வாலை வெட்டி, ஓப்பன் ஏலத்தைப் பட்டியலுக்குள் அடைத்து, 50 வரம்பு வைப்பேன். ஆப்களுக்கு ஒன்றரை லட்சம், அதற்கு மேல் இல்லை. ஒன்றரை லட்சத்தில் இரண்டு பதிப்பாளர்களோடு டீல், கட்டத்தின் பெயரோடு. மீதி மூன்று லட்சம் பட்டியலுக்குள் ஓப்பன் ஏலம்.

இந்தக் கலவையில் ரேட் 60-ஐ ஒட்டி வரும், 70 வராது. கிளையன்ட் 70-இல் பிடிவாதமாக இருந்தால் முழுப் பணத்தையும் டீலுக்குக் கொண்டுபோகலாம். அப்போது வியூவபிள் 45 லட்சத்திலிருந்து சுமார் 36 லட்சமாகக் குறையும் என்பதை அதே மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டும். குழந்தை உணவு, வங்கி, மருந்து போன்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டே பெரும் சேதம் செய்யும் பிராண்டுகளுக்கு அந்த 36 லட்சம் நியாயமான பேரம். மற்றவர்களுக்கு, அடுத்த ஒப்பந்தத்தில் ‘70 சதவீத வியூவபிள் ரேட்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘அனுமதிப் பட்டியலுக்குள் ஆயிரம் வியூவபிளுக்கு ₹150-க்குள்’ என்று எழுதச் சொல்வேன்.